பெங்குவின் எவ்வளவு தூரம் பறவை? முன்மாதிரிக் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்கலாம்

காகமும் பறவை, பெங்குவினும் பறவை. ஆனால் பறவை என்றதும் பெங்குவின் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. ஒரு சொல்லின் பொருளில் நடுநாயகமான உறுப்புகளும் ஓரத்து உறுப்புகளும் உண்டு என்கிறது முன்மாதிரிக் கோட்பாடு. உளவியலாளர் எலினார் ரோஷ் 1975இல் வெளியிட்ட ஆய்வில் இதை 7 புள்ளி அளவுகோல் கொண்டு அளந்தார். அதையே நாமும் சிறிய அளவில் செய்யலாம்.

1. சொற்களைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு வகைகளை எடுத்துக்கொள்வோம். பறவைக்குக் காகம், புறா, கோழி, நெருப்புக்கோழி, பெங்குவின், வௌவால். வாகனத்துக்குக் கார், பேருந்து, சைக்கிள், சக்கர நாற்காலி, லிஃப்ட், மேசை. வௌவாலும் மேசையும் வேண்டுமென்றே சேர்த்தவை. வகைக்கு வெளியே இருப்பவை எங்கே விழுகின்றன என்று தெரிய வேண்டுமே. பலரும் அறியாத பெயர்களைத் தவிருங்கள். தெரியாத பறவைக்கு மதிப்பெண் குறைந்தால், அது பழக்கமின்மையாலா, முன்மாதிரியிலிருந்து விலகியதாலா என்று பிரித்தறிய முடியாது.

2. கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

"பறவை என்பதற்கு இது எவ்வளவு நல்ல எடுத்துக்காட்டு?" என்று கேளுங்கள். 7 என்றால் மிக நல்லது, 1 என்றால் மிக மோசம். (ரோஷின் அளவுகோல் தலைகீழ், அதில் 1தான் மிக நல்லது. ஒப்பிடும்போது கவனம்.) பிடித்திருக்கிறதா என்பது கேள்வியல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொற்களின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள்.

3. இன்னொரு குழுவிடம் வேறு கேள்வி

பலர் கோட்டைவிடும் இடம் இது. பெங்குவினுக்குக் குறைந்த மதிப்பெண் வந்ததும் "பெங்குவின் பாதிப் பறவைதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆர்ம்ஸ்ட்ராங், லைலா கிளைட்மன், ஹென்றி கிளைட்மன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1983இல் இரட்டைப்படை எண்களுக்கே மதிப்பெண் போடச் சொன்னார்கள். எல்லா எண்ணுக்கும் ஒரே மதிப்பெண் வரவில்லை. 4 போன்றவை "நல்ல" இரட்டைப்படை எண்களாக வந்தன. ஆனால் இரட்டைப்படையில் பாதி, முக்கால் என்று எதுவும் இல்லை. ஆக, மதிப்பெண் காட்டுவது எடுத்துக்காட்டின் தரத்தை மட்டுமே.

அதனால் வேறொரு குழுவிடம் "இது பறவையா? ஆம், இல்லை" என்று மட்டும் கேளுங்கள்.

4. இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்

ஒவ்வொரு சொல்லுக்கும் சராசரி மதிப்பெண்ணையும் "ஆம்" சொன்னவர்களின் விகிதத்தையும் எழுதுங்கள். பெங்குவினுக்குச் சராசரி 3, ஆனால் 20 பேரில் 19 பேர் "ஆம்" என்றால், எடுத்துக்காட்டாக அது மோசம், ஆனால் உறுப்பினர்தான். லிஃப்டுக்குச் சராசரி 3, "ஆம்" 20இல் 9 என்று வந்தால் கதை வேறு: வாகனம் என்ற வகையின் எல்லையே அங்கே மங்கலாக இருக்கலாம். (இந்த எண்கள் விளக்கத்துக்கு மட்டும்.) முதல் கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் இரண்டும் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

ஆனால் அந்த 9 பேருக்கு 11 பேர் என்பது ஆளுக்கு ஆள் கருத்து வேறுபாடாகவும் இருக்கலாம். மக்ளோஸ்கியும் குளக்ஸ்பெர்க்கும் 1978இல் அதே ஆட்களிடம் சில வாரங்கள் கழித்து மறுபடியும் கேட்டார்கள்; இடைப்பட்ட சொற்களில்தான் பலர் தங்கள் பதிலையே மாற்றினார்கள். நீங்களும் ஒரு மாதம் கழித்து அதே ஆட்களிடம் லிஃப்டைப் பற்றி மறுபடி கேட்டுப் பாருங்கள். அதே ஆளே பதிலை மாற்றினால், எல்லை அவர் மனத்திலேயே மங்கலாக இருக்கலாம்; மாற்றாவிட்டால், அது ஆளுக்கு ஆள் வேறுபாடாக இருக்கலாம்.