தீபாவளி நேரத்தில் ‘எப்போது பதில் வரும்?’ என்ற வரியை எழுதுவது எப்படி

ஆன்லைன் புடவைக் கடை ஒன்று. வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல இரண்டு பேர், காலை 10 முதல் மாலை 7 வரை. இதற்கு வரி எழுதுவோம்.

முதலில் கணக்கு. சாப்பாட்டு நேரம் போக ஆளுக்கு 8 மணி நேரம். ஒரு விசாரிப்புக்கு 5 நிமிடம் என்றால் மணிக்கு 12, இரண்டு பேருக்கும் சேர்த்து நாளுக்கு 192. கூட்டம் உச்சத்தில் இருக்கும் இரண்டு நாளும் 240 வந்தால், முதல் நாள் 48 பாக்கி, இரண்டாம் நாள் முடிவில் 96. மூன்றாம் நாள் காலை அந்தப் பாக்கியைத் தீர்க்கவே 4 மணி நேரம், அதாவது மதியம் 2 மணி ஆகிவிடும். கொஞ்சம் இடம் விட்டு 4 மணி என்று சொல்லலாம். ‘ஒரு மணி நேரத்தில் பதில்’ என்று போட்டால், பதில் வராதவர் அதே கேள்வியைத் திரும்பத் திரும்ப அனுப்புவார். 240 என்பது 300 ஆகும்.

இனி வரி:

> தீபாவளி வரை தினமும் காலை 10 – மாலை 7. பதில்: மறுநாள் மாலை 4-க்குள். தீபாவளியன்று விடுமுறை. ஆர்டர் எண்ணோடு எழுதுங்கள்.

‘24 மணி நேரத்துக்குள்’ வேண்டாம். எப்போதிலிருந்து எண்ணுவது என்று சண்டை வரும். ‘மறுநாள் மாலை 4’ என்றால் வராது. இன்ஸ்டாகிராம் பயோவில் 150 எழுத்துதான் இடம். கண்ணுக்கு நாலு எழுத்தாகத் தெரியும் ‘தீபாவளி’ அங்கே ஏழு, ஏனென்றால் கால், கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். அதனால் அங்கே நேரமும் பதில் கெடுவும் மட்டும் போதும். இதைப் படமாகப் போஸ்டர் அடிப்பது எனக்குப் பிடிக்காது. நேரம் மாறினால் பழைய படம்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்புறம், பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். வாட்ஸ்அப் பிசினஸில் Away message-ஐத் திறந்து, Schedule-இல் `Outside of business hours` வைத்தால், கடை மூடியபின் வரி தானாகப் போகும். ஆனால் தீபாவளி எந்தக் கிழமையில் வந்தாலும், அந்தக் கிழமைக்கு நீங்கள் கொடுத்த வேலை நேரத்தைத்தான் செயலி பார்க்கும். காலை 11-க்கு வரும் செய்திக்குக் கடை திறந்திருப்பதாக நினைத்துச் சும்மா இருந்துவிடும். முந்தைய நாள் மாலையே `Custom schedule`-க்கு மாற்றி, தொடக்கம் அன்று மாலை 7, முடிவு விடுமுறைக்கு மறுநாள் காலை 10 என்று கொடுங்கள். வேறு எண்ணிலிருந்து ஒரு ‘ஹாய்’ அனுப்பிப் பாருங்கள். கடை போனில் நெட் இல்லாவிட்டால் வரி போகாது, எனவே அதை அணைத்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். இதற்கெல்லாம் காசு கொடுத்து பாட் வாங்கத் தேவையில்லை.

பிற்சேர்க்கை: சிங்கப்பூர் வாடிக்கையாளர்கள் 10 மணி என்றால் எந்த 10 என்று கேட்கிறார்களாம். அங்கே அப்போது பகல் 12.30. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் நேரத்துக்குப் பக்கத்தில் ‘இந்திய நேரம்’ என்று சேர்த்துவிடுங்கள்.