ஆஸ்பத்திரியில் இருந்ததால் வரி தாக்கலுக்கு அவகாசம் கேட்கிறீர்களா? கடிதத்தில் இந்தத் தவறுகள் வேண்டாம்

இப்படிப்பட்ட கடிதங்களில் நோயைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும், தேதிகள் இருக்காது. ஆனால் அதிகாரி பார்ப்பது ஒன்றைத்தான்: கெடு நெருங்கிய நாட்களில் இவரால் தாக்கல் செய்ய முடியாமல் போனதற்கு இந்தச் சிகிச்சைதான் காரணமா?

ஒரு உதாரணம். கெடு 31ஆம் தேதி. 18ஆம் தேதி அட்மிட், 20ஆம் தேதி அறுவை சிகிச்சை, 29ஆம் தேதி டிஸ்சார்ஜ். "29 வரை ஆஸ்பத்திரியில் இருந்தேன்" என்று மட்டும் எழுதினால், அப்புறம் இரண்டு நாள் இருந்ததே என்று கேள்வி வரும். வீட்டுக்கு வந்த பிறகும் மூன்று வாரம் ஓய்வு என்று மருத்துவர் சொல்லியிருந்தால், கடிதத்தின் உயிரே அந்த வரிதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஓய்வுக்காலம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தனியாக ஒரு மருத்துவச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள் என்று மொத்த ஃபைலையும் அனுப்ப வேண்டாம். அதெல்லாம் உங்கள் அந்தரங்கம், கேட்டால் மட்டும் கொடுத்தால் போதும்.

அடுத்த தவறு, "கொஞ்சம் அவகாசம் தாருங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பது. நம் உதாரணத்தில் ஓய்வு அடுத்த மாதம் 19ஆம் தேதி முடிகிறது, வங்கியிலும் வேலையிடத்திலும் கணக்கு விவரங்கள் வாங்க இன்னும் ஒரு வாரம் ஆகும். அப்படியானால் இப்படி எழுதலாம்:

"மருத்துவர் அறிவுறுத்திய ஓய்வு 19ஆம் தேதி முடிகிறது. அதன் பிறகு ஆவணங்களைத் திரட்ட வேண்டியிருப்பதால், 27ஆம் தேதி வரை அவகாசம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதோடு வரி அடையாள எண்ணும் எந்த ஆண்டுக்கான கணக்கு என்பதும் மேலேயே இருக்க வேண்டும்.

எழுதுவதற்கு முன் விதியைப் பாருங்கள். சில நாடுகளில் இதற்குக் கடிதம் செல்லாது, தனிப் படிவம்தான். சில இடங்களில் தனி ஒருவருக்காகக் கெடுவை முன்கூட்டியே நீட்டிக்க வழி கிடையாது, தாமதமாகத் தாக்கல் செய்துவிட்டு, தாமதத்தை மன்னிக்கும்படியோ அபராதத்தைத் தள்ளுபடி செய்யும்படியோ கேட்க வேண்டும். அங்கே "அவகாசம் வேண்டும்" என்று எழுதுவது தவறான கதவைத் தட்டுவது.

பணம் கையைக் கடிப்பது இன்னொரு இடத்தில். தாக்கலுக்குக் கிடைக்கும் அவகாசம் பல நாடுகளில் வரி கட்டுவதற்கான அவகாசம் ஆகாது. அங்கே தாக்கல் தேதி தள்ளிப்போனாலும், கட்டாத தொகைக்குப் பழைய கெடுவிலிருந்தே வட்டி ஏறும். எனவே தோராயமாகக் கணக்குப் போட்டு, முடிந்ததைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள், இதை உங்களுக்காக வீட்டில் யாராவது செய்யலாம். சிகிச்சைச் செலவால் கையில் பணமே இல்லையென்றால் தவணை கேட்டுத் தனியாக விண்ணப்பியுங்கள், ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்தால் ஒன்று கவனிக்கப்படாமலே போய்விடும்.

பதில் வரவில்லை என்றால் அவகாசம் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொண்டு, கேட்ட தேதி வரும்வரை காத்திராமல், கணக்கு தயாரான அன்றே தாக்கல் செய்துவிடுங்கள்.