புள்ளிகள் என்றைக்குக் காலாவதியாகும்? விதியை எளிய தமிழில் எழுதிய அனுபவம்

எங்கள் ஹோட்டலில் தங்கும் விருந்தினர்களுக்குப் புள்ளிகள் தரும் லாயல்டி திட்டத்தில், ஒருவர் கணக்கில் 18 மாதம் எந்த நடவடிக்கையும் இல்லையென்றால் புள்ளிகள் எல்லாம் போய்விடும். ஆங்கில விதிமுறையில் இது தெளிவாகவே இருந்தது. ஆனால் எது நடவடிக்கை என்ற விளக்கம் வேறொரு பக்கத்தில் கிடந்தது. ஆங்கிலம் அதிகம் படிக்காத விருந்தினர்கள் ஏமாந்தது அங்கேதான்.

ஒருவர் 2024 மார்ச் 10 அன்று தங்கிவிட்டுக் கிளம்பினார். கெடு 2025 செப்டம்பர் 10. ஆகஸ்டிலேயே அக்டோபருக்கு அறை பதிவு செய்துவிட்டதால் புள்ளிகள் பத்திரம் என்று நம்பினார். அறையைக் காலி செய்யும் நாள்தான் கணக்கு, பதிவு செய்த நாள் இல்லை. அவர் வருவதற்குள் எல்லாம் போய்விட்டது. பாவம், அவர் மேல் என்ன தப்பு?

அதனால் விதியைத் தேதியிலிருந்தே தொடங்கினேன்: "உங்கள் புள்ளிகள் 2025 செப்டம்பர் 10 வரை இருக்கும். அதற்குள் ஒருமுறை தங்கிவிட்டுக் கிளம்புங்கள், அல்லது கொஞ்சம் புள்ளிகளைச் செலவு செய்யுங்கள். அன்றிலிருந்து மறுபடி 18 மாதம் கிடைக்கும். அறை பதிவு செய்தால் மட்டும் போதாது." தேதியை ஒவ்வொருவர் கணக்கிலிருந்தும் கணினியே எடுத்துப் போடும்.

அப்புறம் சில விருந்தினர்களிடம் கொடுத்து, "ஆகஸ்டில் பதிவு செய்து அக்டோபரில் வந்தால் புள்ளி இருக்குமா?" என்று கேட்டேன். "புரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். விதியின் கடைசி வரி நான் முதலில் எழுதியதில் இல்லை; பதில்கள் தடுமாறியதால்தான் சேர்த்தேன். சட்டப் பிரிவும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அச்சுக்குப் போனது.