4கே 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு பொருந்துமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மானிட்டர் பெட்டியின் மீது அச்சிடப்பட்டிருக்கும் “4கே, 144 ஹெர்ட்ஸ்” என்பது அந்தத் திரையால் அதிகபட்சமாக எவ்வளவு காட்ட முடியும் என்பதை மட்டுமே சொல்கிறது. அத்தனை படங்களையும் நேரத்துக்கு வரைந்து தர வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. கார்டு நொடிக்கு 40 ஃபிரேம்களைத்தான் தருகிறது என்றால், திரை 144 முறை புதுப்பித்துக்கொண்டாலும் நாம் பார்ப்பது அந்த 40 படங்களைத்தான். மானிட்டரை ஒரு விளம்பரத்தைப் பார்த்தும் கார்டை வேறொரு விளம்பரத்தைப் பார்த்தும் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

முதல் தவறு, ரெசல்யூஷனையும் ரெஃப்ரெஷ் ரேட்டையும் இரண்டு தனித்தனிக் கேள்விகளாகக் கருதுவது. கார்டின் சுமையைப் பொறுத்தவரை இவை ஒன்றையொன்று பெருக்கிக்கொள்பவை. 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். 1080பி திரையை நொடிக்கு 60 முறை நிரப்ப 12.4 கோடி பிக்சல்கள் போதும். 4கே திரையை 144 முறை நிரப்ப 119 கோடிக்கு மேல் தேவைப்படும், அதாவது 9.6 மடங்கு. நேரக் கணக்கில் பார்த்தால், 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமை முடிக்க 16.67 மில்லிசெகண்ட் கிடைக்கிறது. 144 ஹெர்ட்ஸில் அது 6.94 ஆகச் சுருங்கிவிடுகிறது. நான்கு மடங்கு பெரிய படத்தைப் பாதிக்கும் குறைவான நேரத்தில் வரைய வேண்டும் என்பதுதான் அந்தப் பெட்டியில் எழுதியிருப்பதன் உண்மையான பொருள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவரிடம் 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4060 கார்டும், பழைய 1080பி 60 ஹெர்ட்ஸ் மானிட்டரும் இருக்கின்றன. அவர் விரும்பி விளையாடும் கேம், உயர்ந்த கிராபிக்ஸ் அமைப்பில் 1080பி-யில் சராசரியாக 95 ஃபிரேம்களைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிக்சல்கள் நான்கு மடங்காகும்போது ஃபிரேம்கள் கச்சிதமாக நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடுவதில்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் பிக்சல் எண்ணிக்கையைச் சாராத வேலையும் கொஞ்சம் உண்டு. ஆகவே 1440பி-யில் 65 அளவுக்கும், 4கே-யில் 35 அளவுக்கும் அது இறங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமானது. 144 ஹெர்ட்ஸுக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய 4கே மானிட்டரில் 35 ஃபிரேம்கள் என்பது, பழைய மானிட்டரில் பார்த்ததைவிடத் திணறலான காட்சி.

இதை ஊகத்தில் விட்டுவிடவும் வேண்டியதில்லை. புதிய மானிட்டர் கைக்கு வரும் முன்பே, இருக்கிற 1080பி திரையிலேயே கார்டை 4கே படங்களை வரைய வைத்துப் பார்த்துவிடலாம் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. என்விடியா கார்டு என்றால் NVIDIA Control Panel-இல் Manage 3D settings பகுதிக்குச் சென்று, DSR - Factors என்ற வரியில் 4.00x என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். அதன் பிறகு கேமின் ரெசல்யூஷன் பட்டியலில் 3840 × 2160 தோன்றும். 1.78x தேர்வு செய்தால் 2560 × 1440 கிடைக்கும். ஏஎம்டி கார்டுகளில் இதே வேலையை Virtual Super Resolution என்ற வசதி செய்கிறது. கார்டு முழு அளவில் வரைந்து, பிறகு அதைச் சுருக்கித் திரையில் காட்டுகிறது. சுருக்குவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. இந்தச் சோதனையின்போது V-Sync-ஐ அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய மானிட்டரின் 60 என்ற வரம்பிலேயே எண் நின்றுவிடும், கார்டின் உண்மையான திறன் தெரியாது.

சோதிக்கும்போது சராசரியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதும் ஒரு தவறுதான். 4கே-யில் 8 ஜிபி நினைவகம் பல புதிய கேம்களில் நிரம்பிவிடுகிறது. நிரம்பினால் கார்டு தன் நினைவகத்தில் இடமில்லாததைக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து எடுத்துவர வேண்டியிருக்கும். அந்தப் பாதை மிக மெதுவானது. இதைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். நேராக நடக்கும்போது சீராக இருக்கும் காட்சி, ஒரு தெருமுனையில் திரும்பியதும் ஒரு கணம் நின்று பிறகு தொடரும். அல்லது எதிரே உள்ள சுவர் முதலில் மங்கலாகத் தெரிந்து, சில நொடிகள் கழித்துத்தான் செங்கற்கள் தெளிவாகும். சராசரி எண் நன்றாக இருந்தும் இப்படி நடந்தால், கிராபிக்ஸ் அமைப்பில் டெக்ஸ்ச்சர் தரத்தை ஒரு படி குறைத்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். தடங்கல் மறைந்துவிட்டால், குறை கார்டின் வேகத்தில் இல்லை, நினைவகத்தில்தான்.

“4கே வாங்கிக்கொள்ளலாம், கார்டுக்குச் சுமையாக இருந்தால் கேமை 1440பி-யில் ஓட்டிக்கொள்ளலாம்” என்ற ஆலோசனையை அடிக்கடி கேட்கிறோம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 4கே திரையின் அகலம் 1440பி-யைப் போல் ஒன்றரை மடங்கு. ஒரு பிக்சலை ஒன்றரைப் பிக்சலாகப் பரப்ப முடியாது என்பதால் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றோடொன்று கலக்கப்படுகின்றன. மெல்லிய எழுத்துகளும் கம்பி வேலிகளும் கலங்கித் தெரியும். சிறிய அளவில் வரைந்த படத்தைக் கார்டின் துணையோடு பெரிதாக்கித் தரும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற வசதிகள் இதைவிட மிகச் சிறந்த வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றின் கணக்கையும் சரியாகப் போட வேண்டும். 4கே-யில் டிஎல்எஸ்எஸ் Quality நிலையில் கேம் உள்ளுக்குள் 2560 × 1440 அளவில் வரையப்படுகிறது. இருந்தாலும் அதைப் பெரிதாக்கும் வேலையும், கடைசிக் கட்ட மெருகூட்டலும் 4கே அளவில் நடப்பதால், 1440பி-யில் கிடைத்த 65 ஃபிரேம்கள் அப்படியே கிடைத்துவிடாது. நம் உதாரணத்தில் 50 அல்லது 55 என்று கணக்கிடுவதே பாதுகாப்பானது.

ஃபிரேம் ஜெனரேஷன் வசதியை இயக்கினால் அதே எண் 90-ஐத் தொடலாம். காட்சி கண்ணுக்கு வழுவழுப்பாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் நடுவில் செருகப்படும் ஃபிரேம்கள் நம் மவுஸ் அசைவைக் கேட்டு வரையப்பட்டவை அல்ல. கை உணரும் வேகம் அந்த 50-க்குரியதாகவோ, அதைவிடச் சற்றுத் தாமதமாகவோதான் இருக்கும். எனவே இந்த வசதியால் கிடைக்கும் எண்ணை வைத்து மானிட்டரைத் தேர்வு செய்யக் கூடாது. அடிப்படையில் 60 ஃபிரேம்களாவது இருந்து, அதற்கு மேல் மெருகூட்டவே அது பயன்பட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 1080பி 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர், ஃபிரேம்கள் 130-ஐத் தாண்டவில்லை என்று இன்னும் விலை உயர்ந்த கார்டை வாங்குகிறார். எண் அசையவே இல்லை. ஒவ்வொரு ஃபிரேமையும் கார்டு வரையத் தொடங்கும் முன், எது எங்கே இருக்கிறது, எது நகர்ந்தது என்பதையெல்லாம் பிராசசர் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வேலை ரெசல்யூஷனைப் பெரும்பாலும் சார்ந்ததல்ல. ஃபிரேம்களின் எண்ணிக்கையைத்தான் சார்ந்தது. இதைக் கண்டறிய எளிய வழி, கேமின் ரெசல்யூஷனை ஒரு படி குறைத்துப் பார்ப்பது. ஃபிரேம்கள் கணிசமாக ஏறினால் தடை கார்டில் இருக்கிறது. ஏறவே இல்லை என்றால் பிராசசரில் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பயன்பாடு 40 சதவீதம்தான் காட்டுகிறதே என்று இங்கே ஏமாந்துவிடக் கூடாது. அது எல்லா கோர்களின் சராசரி. கேமின் முக்கிய வேலையைச் சுமக்கும் ஒரே ஒரு கோர் மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருந்தாலும் சராசரியில் அது தெரியாது.

கார்டு போதுமானதாக இருந்தும் மானிட்டர் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்பது இன்னொரு வகை. எச்.டி.எம்.ஐ. 2.0 இணைப்பால் 4கே படத்தை முழு வண்ணத்துடன் 60 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுசெல்ல முடியும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 அதே படத்தை 120 ஹெர்ட்ஸ் வரை சுருக்காமல் கொண்டுசெல்லும். 144-க்கு டிஎஸ்சி என்ற சுருக்க முறை தேவை. ஆர்டிஎக்ஸ் 4060-இல் டிஸ்ப்ளேபோர்ட் 1.4ஏ, எச்.டி.எம்.ஐ. 2.1 இரண்டும் இருப்பதால் கார்டின் பக்கம் சிக்கல் இல்லை. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளுக்கோ டிஎஸ்சி தெரியாது. மானிட்டரின் பக்கத்தைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரே மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் 144 ஹெர்ட்ஸ் ஏற்கும், எச்.டி.எம்.ஐ. 60 மட்டுமே ஏற்கும் என்பது அபூர்வமல்ல. “எச்.டி.எம்.ஐ. 2.1” என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்பிவிட முடியாது, 2.0-க்குரிய வேகத்தை மட்டும் தரும் போர்ட்டுக்கும் அந்தப் பெயரைச் சூட்ட விதிகள் இடம் தருகின்றன. பயனர் கையேட்டில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எதிரே எந்த ரெசல்யூஷனுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் என்ற அட்டவணை இருக்கும். வாங்கும் முன் அதைப் படிக்க வேண்டும்.

இணைத்த பிறகு விண்டோஸில் Settings, System, Display, Advanced display என்ற வரிசையில் சென்று, Choose a refresh rate என்ற இடத்தில் 144 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டியலில் இருந்தும் விண்டோஸ் 60-இலேயே விட்டு வைத்திருப்பது சாதாரணம். 144-ஐத் தேர்வு செய்த பின் கருப்புப் பின்னணியில் உள்ள சிவப்பு எழுத்துகளின் ஓரம் கசிந்தது போல் தெரிந்தால், வண்ணத் தகவல் குறைத்து அனுப்பப்படுகிறது என்று பொருள். திரை அவ்வப்போது ஒரு நொடி இருண்டு திரும்பினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளை. மானிட்டருடன் பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துவது நல்லது.

கடைசியாக, ஃபிரேம்கள் 144-ஐத் தொட்டால்தான் அந்த மானிட்டருக்குப் பயன் என்று நினைப்பதும் சரியல்ல. ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் இயங்கும் மானிட்டர், கார்டு தரும் வேகத்துக்குத் தன் புதுப்பித்தலை ஒத்திசைத்துக்கொள்கிறது. அதன் வரம்பு 48 முதல் 144 வரை என்றால், 65 ஃபிரேம்களும் கிழிசல் இல்லாமல் சீராகத் தெரியும். அந்த வசதியை மானிட்டரின் மெனுவிலும் டிரைவரிலும் இரு இடங்களிலும் இயக்கி, கேமின் ஃபிரேம் வரம்பை 144-க்குச் சற்றுக் கீழே, 140 அளவில் வைத்தால், எளிய கேம்களில் எண் மேலே எகிறும்போதும் ஒத்திசைவு விட்டுப்போகாது. ஆகவே நம் உதாரணத்தில் உள்ளவர் கார்டை மாற்றாமல் இருப்பதானால், அவர் வாங்க வேண்டியது இப்படிப்பட்ட 1440பி மானிட்டர். எழுத்துகளின் கூர்மைக்காக அவருக்கு 4கே-தான் வேண்டும் என்றால் அதுவும் சரியே. ஆனால் அப்போது 144 ஹெர்ட்ஸுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காமல், அந்தத் தொகையைக் குறைந்தது 12 ஜிபி நினைவகம் கொண்ட அடுத்த கார்டுக்கு எடுத்து வைப்பதே மேல்.