20 மிமீ என்றால் எந்த 20?

பினாங்கில் எங்கள் குழாய்ச் சாமான் கடைக்காக மூன்று சப்ளையர்களின் கேட்டலாக்குகளை ஒரே பட்டியலாக்கினேன். அளவுதான் தலைவலி. பித்தளை வால்வை ஒருவர் அங்குலத்தில் 1/2 என்கிறார், இன்னொருவர் பெயரளவு விட்டமாக DN15 என்கிறார், இரண்டும் ஒன்றே. எக்செல்லோ, 1/2 என்பதைப் பிப்ரவரி 1 ஆக்கிவிடும்! எனவே அளவுப் பத்தியை முதலில் Text ஆக்கி, பிறகே மதிப்புகளை மட்டும் ஒட்டினேன்.

உண்மையான சிக்கல் 20 மிமீ. வால்வில் அது DN20, அதாவது முக்கால் அங்குலம். பிபிஆர் பிளாஸ்டிக் குழாயிலோ அது வெளிவிட்டம். அரை அங்குல இணைப்புக்குப் போவது. ஆகவே வால்வா, குழாயா என்ற வகையை முதலில் நிரப்பி, அதன்படியே அளவை மாற்றினேன். சப்ளையர் எழுதியதும், ‘DN’ அல்லது ‘வெளிவிட்டம்’ என்ற குறிப்பும் தனிப் பத்திகளில் நிற்கின்றன. வகை தெரியாத வரிகளைக் காலியாக விட்டு, சப்ளையரிடம் கேட்டே நிரப்பினேன்.