குடியாத்தத்தில் கடன், ஷார்ஜாவில் சம்பளம்: எதை முதலில் அடைப்பது?

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கமிருந்து புதிதாக அமீரகம் வருகிற தம்பிகளிடம் முதல் மாதத்திலேயே ஒரு தாளில் கடன்களை எழுதச் சொல்வேன். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் முந்தியே பல கடன்கள் இருந்திருக்கும். அம்மா பெயரில் குழுக் கடன், தம்பிக்கு எடுத்த பைக்கின் தவணை, சென்னையில் வேலை பார்த்தபோது தேய்த்த கிரெடிட் கார்டு, அடகில் இருக்கும் சங்கிலி. முதல் சம்பளம் வந்ததும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கட்டத்தான் கை போகும். அப்படிக் கட்டினால் ஒரு வருடம் கழித்தும் அத்தனை கடனும் அப்படியே நிற்கும்.

இதற்கு இரண்டு முறைகள் சொல்வார்கள். எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணையைக் கட்டிவிட்டு, மீதிப் பணம் முழுவதையும் ஒரே கடன்மேல் போடுவது இரண்டுக்கும் பொது. மிகச் சின்னக் கடனை முதலில் முடித்தால் ஸ்னோபால், அதாவது பனிப்பந்து. வட்டி அதிகமுள்ளதை முதலில் முடித்தால் அவலாஞ்ச், பனிச்சரிவு. ஒன்று முடிந்ததும் அதன் தவணைப் பணம் அடுத்த கடனுக்குப் போகும். நான் இவற்றைச் ‘சின்னது முதலில்’, ‘வட்டி முதலில்’ என்றே சொல்கிறேன்.

தாளில் எழுதும்போதே எல்லா வட்டியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நம் ஊரில் ‘நூத்துக்கு மூணு வட்டி’ என்றால் பயப்படுகிறோம். அது மாதத்துக்கு 3 சதவீதம், வருடத்துக்கு 36. ஆனால் கார்டு அறிக்கையில் மாதம் 3.5 என்று போட்டிருந்தால் சின்ன எண்ணாகத் தெரிகிறது. அந்த வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. ஆக மாதத்துக்கு 4.13, நூத்துக்கு நாலு வட்டிக்கும் மேலே. போன மாதப் பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் அடைக்கத் தொடங்கிய கார்டை அதற்குப் பிறகு தேய்க்கவே கூடாது.

தண்டல் இதில் தனி ரகம். பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் ஒன்பதாயிரம் தருவார்கள், தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். வருடக் கணக்கில் பார்த்தால் அது 75 சதவீதத்துக்கும் மேல். எனவே வட்டி முதலில் என்ற முறைப்படி தண்டல்தான் தலையில் நிற்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த ஆயிரத்தை அவர்கள் கொடுக்கும்போதே பிடித்துவிட்டார்கள். பாதியில் மொத்தமாகக் கட்டினாலும், அவர்களாகக் கழித்தால் ஒழிய, ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. நான் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: இன்றைக்கு ஒரு ஆயிரம் கூடுதலாகக் கட்டினால் நாளையிலிருந்து எவ்வளவு வட்டி நிற்கும்? எதுவும் நிற்காது என்றால் அந்தக் கடனை அதன் போக்கில் முடிய விடுங்கள். முடிந்த அன்றே அடுத்த தண்டல் எடுக்காமல் இருப்பதில்தான் மிச்சம் இருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. குடியாத்தத்திலிருந்து வந்து ஷார்ஜாவில் ஏசி டெக்னீஷியனாக இருக்கும் ஒரு தம்பியோடு உட்கார்ந்து போட்டது. அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். அம்மா பெயரில் குழுக் கடன் பாக்கி 18,000, வட்டி மாதத்துக்கு 2 சதவீதம், தவணை 2,000. பைக் கடன் 45,000, மாதத்துக்கு 1.5, தவணை 3,000. கார்டு 90,000, ஜிஎஸ்டியோடு 4.13, மாதம் 5,000 கட்டிக்கொண்டிருந்தார். மொத்தம் 1,53,000. வீட்டுச் செலவு போக இதற்கென்று மாதம் 20,000 ஒதுக்க முடிந்தது. தவணைகளுக்கு 10,000 போய்விடும், மீதி 10,000தான் நம் கையிலிருக்கும் ஆயுதம்.

சின்னது முதலில் என்று போட்டோம். குழுக் கடன் இரண்டாம் மாதம் முடிகிறது, பைக் ஐந்தாம் மாதம், கார்டு பத்தாம் மாதத் தொடக்கத்தில். மொத்த வட்டி ஏறக்குறைய 28,700. பிறகு வட்டி முதலில் என்று போட்டோம். ஏழு மாதம்வரை ஒரு கடனும் முடியவில்லை. எட்டாம் மாதம் கார்டும் குழுக் கடனும் ஒன்றாக முடிகின்றன, ஒன்பதாம் மாதம் பைக். மொத்த வட்டி 22,100. வித்தியாசம் 6,600 ரூபாய். பீடி சுற்றும் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

நான் வட்டி முதலில் என்றேன். தம்பி அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அம்மா சொன்னது: “கார்டெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. குழுவுல நான் ஒரு தவணை தள்ளிப்போட்டா மத்த பொம்பளைங்க எனக்காகக் கட்டணும். அவங்க முன்னாடி என் பேரைக் கூப்பிடக் கூடாது. அதை முதல்ல முடிச்சுடு.”

அது நியாயமான பேச்சு. குழுக் கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்ற உறுப்பினர்கள் தலையில் விழுகிறது. கார்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கும் மகனுக்குப் போன் செய்வார், குழுக்காரரோ தெருவுக்கே வருவார். மாதக் கடைசியில் சம்பளம் ஒரு வாரம் தள்ளினால் அந்த வாரத்தைச் சமாளிப்பது அம்மாதான்.

அதனால் மூன்றாவதாக ஒரு கணக்குப் போட்டோம். குழுக் கடனை மட்டும் முதலில் முடிப்பது, அதற்குப் பிறகு வட்டி முதலில் என்று மாறி, கார்டில் மாதம் 17,000 போடுவது. குழுக் கடன் இரண்டாம் மாதம் முடிந்தது, கார்டு எட்டாம் மாதம், பைக் ஒன்பதாம் மாதம். மொத்த வட்டி 23,900. சுத்தமான வட்டிக் கணக்கைவிட 1,800 ரூபாய்தான் அதிகம். அந்த 1,800க்கு, அம்மா ஆறு மாதம் முன்னதாகவே குழுக் கூட்டத்திலிருந்து விடுபட்டார். மாதா மாதம் கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகையும் 10,000லிருந்து 8,000 ஆக இறங்கியது. வெளிநாட்டில் வேலை போனாலும் சமாளிக்க வேண்டிய தொகை அது என்பதால் எனக்கு இது முக்கியமாகப் பட்டது. வட்டி கொழுத்த கடன் ஒன்று நிற்கும்போது சின்னக் கடன்களையெல்லாம் வரிசையாக முடித்துக்கொண்டிருக்கக் கூடாது. மனத்துக்கும் வீட்டுக்கும் வேண்டிய ஒன்றை முடித்துவிட்டு உடனே வட்டி அதிகமுள்ளதற்குத் திரும்பிவிட வேண்டும். அந்தத் தம்பி பைக்கையும் முதலில் முடித்திருந்தால் இன்னும் ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கமாகக் கார்டுக்குக் கொடுத்திருப்பார்.

சின்னது முதலில் என்பது வெறும் மனத்திருப்தி என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கால், பிளேக் மெக்‌ஷேன் இருவரும் கடன் தீர்த்துவைக்கும் நிறுவனம் ஒன்றின் சுமார் 6,000 வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். தொகை எவ்வளவு என்பதைவிட, கணக்குகளை ஒவ்வொன்றாக மூடியவர்களே கடைசிவரை அடைத்து முடித்திருக்கிறார்கள் என்று கண்டார்கள். பாதியில் விட்டுவிடுகிற சுபாவம் தனக்கு இருப்பதாக அறிந்தவருக்கு அந்த 6,600 ரூபாய் வித்தியாசம் வீண் செலவு ஆகாது. ஆனால் கார்டு வட்டி இவ்வளவு உயரத்தில் இருக்கும்போது, ஒன்றிரண்டு கடனுக்கு மேல் அந்தச் சலுகையைத் தர நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி இங்கே இருந்துகொண்டு செய்ய வேண்டியவை. ரேட் ஏறட்டும் என்று திர்ஹமை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். 20,000 ரூபாய்க்கு ரேட் ஒரு சதவீதம் ஏறினால் 200 ரூபாய் லாபம். அதே 20,000 கார்டில் ஒரு மாதம் நின்றால் 826 ரூபாய் வட்டி. சம்பளம் வந்த அன்றே, ஒரே தடவையாக, ஒரே கட்டணத்தில் அனுப்பிவிடுங்கள். ஊர் வங்கிக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றும்போது பைக் தவணை தானாகப் பிடிக்கும் ஏற்பாடு தொடர்கிறதா என்று வங்கியில் எழுதிக் கேளுங்கள். அது அறுந்து தவணை திரும்பினால் அபராதம் விழும், ஒரு மாத முயற்சி போச்சு. ஊர் சிம்மை அணையவிடாதீர்கள், ஓடிபி அதற்குத்தான் வரும்.

குழுக் கடனை முடிக்க அம்மா கிளைக்கு நேரில் போய், இன்றைய தேதிக்கு முடிக்கும் தொகை எவ்வளவு என்று கேட்க வேண்டும். பாதியில் முடிக்க முடியாது, தவணையாகத்தான் கட்ட வேண்டும் என்று வசூலுக்கு வருபவர் சொல்லக்கூடும். 2022இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி குழுக் கடன் போன்ற நுண்கடனை முன்கூட்டி முடிக்க அபராதம் கிடையாது. பைக் கடனுக்கு அந்தச் சலுகை இல்லாமல் இருக்கலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள். பாக்கி இல்லை என்ற சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் முடிந்ததாகத் தாளில் கோடு போடுங்கள். முடித்த மறுவாரமே புதுக் கடன் தருகிறோம் என்று வருவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படி 40,000 எடுத்துவிட்டார்கள், மகனுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எனவே குழுக் கடனைத் தீர்க்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

கார்டில் ஒரு வேதனையான விஷயம் உண்டு. அறிக்கையில் இருக்கும் தொகையை முழுதாகக் கட்டிய மறு மாதம் முந்நூறோ நானூறோ வந்து நிற்கும். அறிக்கை வந்த நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி அது. கவனிக்காமல் விட்டால் தாமதக் கட்டணமும் சேரக்கூடும். அதையும் கட்டி, பாக்கி பூஜ்யம் என்று அறிக்கை வந்ததும் கார்டை மூடச் சொல்லி எழுதுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி.

அம்மாவின் சங்கிலியை இந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்கவில்லை. 80,000க்கு வருட வட்டி 10 சதவீதம், எல்லாவற்றிலும் குறைவு. ஆனால் அதற்குக் கெடு உண்டு. வருடம் முடியும் தேதியில் வட்டியைக் கட்டி மாற்றி வைக்காவிட்டால் ஏலத்துக்குப் போகும். அந்தத் தேதியை மட்டும் தாளின் மேலேயே சிவப்பில் எழுதினோம், 8,000 ரூபாயை அம்மாவின் கணக்கில் அதற்கென்று தனியாக வைத்தோம். ஒன்பதாம் மாதம் பைக்கை முடித்தபோது 20,000இல் 3,100 மிஞ்சியது. தம்பி அதை அன்றே நகைக்கடன் அசலில் கட்டச் சொன்னார். பத்தாம் மாதத்திலிருந்து மொத்த 20,000மும் சங்கிலிக்குத்தான்.