தடைச்சொல் பட்டியலில் நான் எழுதிய முதல் சொல்

மொரிஷியஸில் எங்கள் கோயில் குழுவின் பேஸ்புக் பக்கத்தை நான்கு ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். தைப்பூசக் காவடிக்கு மறுநாள்தான் எங்களுக்குக் கடினமான நாள். அலகு குத்திக்கொண்டவர்களின் படங்களுக்குக் கீழே கிரியோலிலும் பிரெஞ்சிலும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலும் ஏளனமும் வசவும் வந்து குவியும். ஒரு வருடம் பொறுக்க முடியாமல் இரவோடிரவாகத் தடைச்சொல் பட்டியல் ஒன்றைப் போட்டேன். அதிலுள்ள சொல் வரும் கருத்தைப் பேஸ்புக் தானாக மறைத்துவிடும். பட்டியலில் முதல் சொல் coolie.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெரியவர் கோயிலில் என்னை நிறுத்தினார். "என் தாத்தா கப்பலில் வந்து இறங்கிய கதையை உங்கள் பக்கத்தில் எழுதினேன். ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லையே அம்மா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். போர்ட் லூயிஸில் இன்று ஆப்ரவாசி காட் என்று அழைக்கப்படும் இடத்துக்கு அவர் காலத்துப் பெயர் கூலி காட். அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் Coolie Ghat என்று எழுதியதால் அவருடைய கருத்தை வடிகட்டி மறைத்துவிட்டது. பேஸ்புக்கில் மறைக்கப்பட்ட கருத்து எழுதியவர் கண்ணுக்கும் அவருடைய நண்பர்கள் கண்ணுக்கும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் அவருக்கு எதுவும் புரியவில்லை.

வசவாகவும் வரலாறாகவும் இருக்கும் சொல்லைப் பட்டியலில் போடக் கூடாது. வசவாக மட்டுமே வரும் வடிவத்தைப் போட வேண்டும். தமிழில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சொல்லை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் வடிகட்டியில் "நாய்" என்று மட்டும் போட்டால் "நாயே" தப்பிவிடும், ஏனென்றால் விளி சேரும்போது யகர மெய் உயிர்மெய்யாகிவிடுகிறது. தெரு நாய் ஒன்றுக்குச் சோறு வைத்த செய்தியோ மாட்டிக்கொள்ளும். திட்டுகிறவர் பெரும்பாலும் விளித்துத்தான் திட்டுகிறார். ஆகவே எங்கள் பட்டியலில் இப்போது இப்படி இருக்கிறது:

```
நாயே, நாய்களே, naaye, naye, naayee
```

சோம்பல்பட்டு `nai` என்று மூன்றெழுத்தில் முடித்துவிடாதீர்கள். சொல்லின் நடுவிலும் தேடும் வடிகட்டியாக இருந்தால் நாயுடு, நாய்க்கன் என்ற குடும்பப் பெயர்களை இங்கே எழுதும் Naidoo, Naiken என்ற வடிவங்களும் அதில் சிக்கும். உங்கள் தளம் எப்படித் தேடுகிறது என்பதை ஊகிக்க வேண்டாம். வேறொரு கணக்கிலிருந்து பழைய பதிவொன்றில் நான்கைந்து கருத்துகளை எழுதிப் பாருங்கள். மாட்ட வேண்டியது மாட்டுகிறதா, மாட்டக் கூடாதது தப்புகிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் மறைந்தவற்றை வாரம் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். நான் அதைச் செய்யாததால்தான் அந்தப் பெரியவர் காத்திருந்தார்.

முகப்புப் படம் இல்லாத கணக்குகளைத் தானாக மறைக்கும் விதியும் உண்டு. எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. படம் வைக்காதவர்களில் பாதிப்பேர் எங்கள் பாட்டிமார்கள்.

அடுத்த தவறு, எல்லோரையும் உடனே தடை செய்வது. தடை செய்யப்பட்டவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால் புதுப் பெயரில் வரலாம். வெறும் ஏளனத்தை மறைத்துவிட்டால், தன் கருத்து நிற்கிறது என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார். பெரும்பாலோர் பதில் வராமல் சலித்துப் போய்விடுகிறார்கள். மிரட்டலோ ஒருவரைக் குறிவைத்த அவதூறோ வேறு. அங்கே தடைதான் சரி, ஆனால் வரிசை முக்கியம். தேதியும் பெயரும் தெரியும்படி திரையைப் படமெடுங்கள், கருத்தின் இணைப்பையும் அவருடைய பக்கத்தின் இணைப்பையும் எழுதி வையுங்கள், அதன் பிறகு தடை செய்யுங்கள். முதலிலேயே அழித்துவிட்டால் புகார் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. இங்கே MAUCORS என்ற அரசு இணையதளம் இத்தகைய புகார்களைப் பெறுகிறது. 2021ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டம் இணையவழித் துன்புறுத்தலையும் குற்றமாக்கியிருக்கிறது.

இனி மனநிலை. நான் செய்த பெரிய தவறு, படுக்கையில் கைபேசியில் தனியாக இதையெல்லாம் படித்தது. பன்னிரண்டு மணிக்குப் படித்த ஒரு வசவு மறுநாள் பிற்பகல் வரை நெஞ்சில் நிற்கும். அதற்குப் பதில் எழுதத் தொடங்கினால் விடிந்துவிடும். இப்போது அறிவிப்பு ஒலியை நிறுத்திவிட்டோம். காலை அரை மணி நான், மாலை அரை மணி இன்னொருவர். இரவில் யாரும் திறப்பதில்லை. மிரட்டலாகத் தோன்றுவதை இருவரும் பார்த்தே முடிவெடுக்கிறோம்.

படத்தில் இருப்பவரிடம் மறைத்த கருத்துகளைத் தரவே தருவதில்லை. சென்ற காவடியில் பால்குடம் எடுத்த பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, "அக்கா, என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டாள். மறைத்தவை மூன்று இருக்கின்றன, எதிலும் மிரட்டல் இல்லை, மிச்சத்தைப் பக்கத்திலேயே படிக்கலாம் என்று மட்டும் சொன்னேன். அவள் மேலும் கேட்கவில்லை. படத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.